மலையாளத்தில் ‘கழிச்சோ?’ என்று கேட்டால்: ஒரே வேர், வேறு பொருள் கண்டுபிடிக்கும் முறை

மலையாளம் கேட்கும்போது தெரியாத சொல் வந்தால் என்னவென்று கேட்டுக்கொள்வோம். தமிழ் போலவே ஒலிக்கும் சொல் வந்தால் கேட்க மாட்டோம், நமக்குத் தெரிந்த பொருளைப் போட்டுக்கொண்டு போய்விடுவோம். அங்கேதான் பிழைக்கிறது. வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்த கொழும்புக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

களனி ஆறு பெருகினால் கொலன்னாவைப் பக்கம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அப்படியான ஒரு மழை நாளில், கூட வேலை செய்யும் கேரள நண்பர் ‘வீட்டில் வெள்ளமில்ல’ என்கிறார் என்று வையுங்கள். நீங்கள் ‘அப்பாடா, நல்லது’ என்பீர்கள். அவரோ குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிடுகிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் சாதாரண தண்ணீர். இரண்டு மொழியிலும் வேர் ஒன்றுதான், ஆனால் இன்றைய பேச்சுத் தமிழில் அது பெரும்பாலும் பெருக்கெடுத்த நீரையே குறிக்கிறது.

வெள்ளம் சுலபமானது. கொஞ்சம் கடினமான ‘கழி’ என்ற சொல்லை எடுத்துச் செய்து பார்ப்போம்.

முதலில், சொல்லைத் தனியாக எடுக்காமல் முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். கேட்டபடியே, தமிழ் எழுத்தில்:

சோறு கழிச்சோ?
கல்யாணம் கழிச்சு.
ஒராழ்ச்ச கழிஞ்ஞு வராம்.
எனிக்கு வரான் கழியில்ல.

முதல் வாக்கியமே நம்மைத் தூக்கிப்போடும். மலசலம் கழிப்பது, கழிச்சல் என்று பழகிய காதுக்கு, சோற்றோடு அந்தச் சொல் வரவே கூடாது. ஆனால் அவர் அன்பாகக் கேட்பது ‘சோறு சாப்பிட்டாச்சா?’ என்றுதான்.

அடுத்து, வினையின் வாலை வெட்டுங்கள். இன்றைய மலையாள வினைமுற்றில் நான், நீ, அவன் என்று காட்டும் விகுதி இல்லை. ‘கழிச்சு’ என்பது யாருக்கும் பொருந்தும், கடைசியில் வரும் ஓகாரம் கேள்வி. நாம் பேச்சில் ‘படித்து’ என்பதைப் படிச்சு என்கிறோமே, அதே மாற்றம்தான் கழித்து, கழிச்சு ஆனதிலும். வாலை எடுத்தால் மிஞ்சுவது ‘கழி’.

இப்போது பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியமான படி. முன்னால் உணவு இருந்தால் கழிப்பது சாப்பிடுவது அல்லது குடிப்பது. கல்யாணம் இருந்தால் அதைச் செய்து முடிப்பது, அதாவது ‘கல்யாணம் கழிச்சு’ என்றால் மணம் முடித்தாயிற்று. கல்யாணம் ரத்தாகிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். முன்னால் காலம் இருந்தால் ‘பிறகு’: ஒரு கிழமை கழித்து வருகிறேன்.

கடைசி வாக்கியத்தில் இரண்டு பொறி. ‘வரான்’ என்பது நம் காதில் யாரோ ஒருவன் வருவதாக விழும், மலையாளத்தில் அது ‘வர, வருவதற்கு’. அதன் பின்னால் ‘கழி’ வந்தால் ‘இயலும்’ என்று பொருள். ஆக, ‘என்னால் வர இயலாது.’

பிறகு, பொருள்கள் எங்கே சந்திக்கின்றன என்று தேடுங்கள். காலம் தொடர்பான பொருளில் நாமும் அவர்களும் ஒத்துப்போகிறோம்: ‘இரண்டு நாள் கழிந்தது’. கடந்துபோவதுதான் நடு. அங்கிருந்து தமிழ் விலக்குவது, குறைப்பது, வெளியேற்றுவது என்று போனது. மலையாளம் முடிப்பது, நிறைவேற்றுவது, சாப்பிடுவது, இயல்வது என்று போனது. இப்படி ஒரு நடுப்புள்ளி கிடைத்துவிட்டால் அந்தச் சொல் மறக்காது.

சந்தேகம் இருந்தால் அகராதியில் சரிபாருங்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) dsal.uchicago.edu தளத்தில் இலவசமாக இருக்கிறது. ழகரத்துக்கு எந்தக் குறி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு ‘கழி’யைத் தேடுங்கள். பதிவில் Ta. தமிழ், Ma. மலையாளம், Ka. கன்னடம், Te. தெலுங்கு. இரண்டு சொல்லும் ஒரே எண்ணின் கீழ் இருந்தால் தொகுத்தவர்கள் அவற்றை ஒரே வேராகக் கருதுகிறார்கள். வெவ்வேறு எண்ணில் இருந்தால் பெரும்பாலும் ஒலி மட்டும் ஒத்துப்போகிறது.

‘அவசரம்’ போன்றவற்றுக்கு இந்த வழி சரிவராது. நமக்கு அது விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. மூன்றும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை, திராவிட வேரைத் தேடிப் பயனில்லை.

பொருள் ஒன்றாகவே இருந்து மரியாதை மட்டும் மாறுவதும் உண்டு. தெலுங்கில் ‘தின்னாரா?’ என்று பெரியவர்களையே கேட்கலாம், அது மரியாதையான கேள்வி. அதே வேரை வைத்து வெள்ளவத்தையில் ஒரு மாமியிடம் ‘தின்டீங்களா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அதேபோல ஒரு தெலுங்கு நண்பர் உங்களிடம் அப்படிக் கேட்டால் முகம் சுளிக்காமல், சாப்பிட்டாயிற்று என்று சொல்லுங்கள்.