மாமாவிடம் ‘முடியாது’ என்று சொன்ன விதம்

மாமா அடிக்கடி கடன் கேட்பார். கொடுத்தது திரும்பி வராது. அதனால் முதலில் எனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்கென்று மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போடுகிறேன். வராமலே போனாலும் வீட்டுச் செலவு இடிக்காத தொகை அது. பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் இல்லை.

அடுத்து அவர் கேட்டபோது, “மாமா, இந்தத் தடவை என்னால முடியாது. பழைய கணக்கு முடியட்டும், அப்புறம் பேசலாம்” என்றேன். காரணம் சொல்லவில்லை. சம்பளம் வரவில்லை என்றால், “சரி, வந்ததும் கொடு” என்பார். “பார்க்கலாம்” என்பது இன்னும் மோசம். அதை நம்பி அவர் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. நானும் சமாதானம் சொல்லப் போகாமல் அத்தையின் உடம்பைப் பற்றி விசாரித்தேன். மருந்துக்குப் பணமில்லை என்றார். அதை மட்டும் கடைக்கு நேரடியாகக் கட்டினேன், கடன் கணக்கில் சேர்க்காமல்.