ஐகன் மதிப்பு எங்கே இருக்கும்? கெர்ஷ்கோரின் வட்டுகளை வைத்துத் தோராயமாகக் கண்டுபிடிப்பது

ஓர் அணியின் ஐகன் மதிப்புகள் எல்லா நேரமும் நான்கு தசம இடம் வரை தேவைப்படுவதில்லை. பூஜ்யம் அவற்றில் ஒன்றா, எல்லாம் மிகை எண்களா, மிகப் பெரியது எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்தாலே பல வேலைகள் முடிந்துவிடும். அதற்குச் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை, கூட்டல் தெரிந்தால் போதும். சோவியத் கணிதவியலாளர் செமியோன் கெர்ஷ்கோரின் 1931-இல் வெளியிட்ட தேற்றம் இது.

அணி, நிரை, நிரல், ஐகன் வெக்டர் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன். இந்த அணியை எடுத்துக்கொள்வோம்:

```
10    1    -1
0.5   4     1
0.2   0.3  -2
```

படி 1: மையமும் ஆரமும்

ஒவ்வொரு நிரைக்கும் ஒரு வட்டு. மூலைவிட்ட உறுப்புதான் மையம். அந்த நிரையில் மீதி இருக்கும் உறுப்புகளின் மட்டு மதிப்புகளைக் கூட்டினால் ஆரம்.

முதல் நிரை: மையம் 10, ஆரம் 1 + 1 = 2. இரண்டாவது: மையம் 4, ஆரம் 0.5 + 1 = 1.5. மூன்றாவது: மையம் -2, ஆரம் 0.2 + 0.3 = 0.5.

முதல் நிரையில் வேண்டுமென்றேதான் ஒரு -1 வைத்தேன். மட்டு மதிப்பு எடுக்காமல் கூட்டினால் ஆரம் பூஜ்யம் ஆகிவிடும், 10 என்பதே ஐகன் மதிப்பு என்று அர்த்தமாகிவிடும். அது உண்மையில்லை. மையத்தில் இருக்கும் -2-க்கு மட்டும் மட்டு மதிப்பு எடுக்கக் கூடாது, அது அப்படியே இருக்கட்டும்.

படி 2: வரைந்து பார்ப்பது

3×3 வரை தாளும் காம்பஸும் போதும் என்பது என் கட்சி. அதைவிடப் பெரிதானால் நம்பை:

```python
import numpy as np
A = np.array([[10, 1, -1],
              [0.5, 4, 1],
              [0.2, 0.3, -2]])
c = np.diag(A)
r = np.abs(A).sum(axis=1) - np.abs(c)
print(c, r)
```

`axis=1` என்றால் நிரை வாரியான கூட்டல். மேட்பிளாட்லிப்பில் வரைந்தால் `ax.set_aspect('equal')` போட மறக்காதீர்கள். போடாவிட்டால் வட்டங்கள் நீள்வட்டமாகத் தெரியும், தொடுகிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது.

நம் வட்டுகள் மெய் அச்சில் 8 முதல் 12, 2.5 முதல் 5.5, -2.5 முதல் -1.5 வரை விழுகின்றன. மூன்றும் ஒன்றையொன்று தொடவில்லை.

படி 3: வட்டுகள் என்ன சொல்கின்றன?

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். தேற்றம் சொல்வது: ஒவ்வொரு ஐகன் மதிப்பும் ஏதாவது ஒரு வட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு வட்டுக்குள்ளும் ஓர் ஐகன் மதிப்பு இருக்கும் என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் இந்தக் குட்டி அணியைப் பாருங்கள்:

```
1  -2
1  -1
```

ஐகன் மதிப்புகள் i, -i. வட்டுகள்: மையம் 1 ஆரம் 2, மையம் -1 ஆரம் 1. இரண்டு ஐகன் மதிப்புகளும் -1-இலிருந்து √2 தூரத்தில், அதாவது சுமார் 1.41 தள்ளி இருக்கின்றன. ஆகவே இரண்டாவது வட்டு காலி. இரண்டும் முதல் வட்டுக்குள்தான்.

ஏன் இப்படி? நிரூபணத்திலேயே காரணம் இருக்கிறது. ஐகன் வெக்டர் x-இன் உறுப்புகளில் மட்டு மதிப்பில் மிகப் பெரியது எதுவோ, அது i-ஆவது இடத்தில் இருக்கட்டும். Ax = λx என்பதன் i-ஆவது வரியை மாற்றி எழுதினால், (λ - a_ii) x_i என்பது அந்த நிரையின் மற்ற a_ij x_j-களின் கூட்டல். இரு பக்கமும் x_i-ஆல் வகுங்கள். x_j/x_i எதுவும் மட்டில் 1-ஐத் தாண்டாது. எனவே |λ - a_ii| ஆரத்தைத் தாண்டாது. அவ்வளவுதான் நிரூபணம்.

எந்த வட்டு என்பதை முடிவு செய்வது, பெரிய உறுப்பு எந்த இடத்தில் வருகிறது என்பது. இரண்டு ஐகன் வெக்டர்களுக்கும் அது ஒரே இடத்தில் வந்தால் இரண்டும் ஒரே வட்டுக்குள் போய்விடும். மேலே உள்ள குட்டி அணியில் அதுதான் நடக்கிறது: இரண்டு வெக்டர்களிலும் முதல் உறுப்பு 1 என்றால் இரண்டாவதன் மட்டு 0.71 மட்டுமே.

சரி, எண்ணிக்கை எப்போது சொல்லலாம்? வட்டுகள் பிரிந்திருந்தால். k வட்டுகள் சேர்ந்த கூட்டம் மற்ற வட்டுகளைத் தொடாமல் தனியாக நின்றால், அதற்குள் சரியாக k ஐகன் மதிப்புகள் இருக்கும். மூலைவிட்டம் தவிர மற்ற உறுப்புகளைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல வளர்ப்பதாக நினைத்துப் பாருங்கள். வட்டுகள் புள்ளியிலிருந்து ஊதிப் பெருக்கும், ஐகன் மதிப்புகள் தொடர்ச்சியாக நகரும். நடுவில் இடைவெளி இருக்கும்வரை ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியில்லை.

நம் 3×3 அணியில் மூன்றும் தனித்தனி, ஆகவே ஆளுக்கு ஒன்று. அணி மெய்யெண் அணி என்பதால் கலப்பெண் ஐகன் மதிப்பு வந்தால் அதன் இணையும் அதே வட்டில் வந்தாக வேண்டும். ஓரிடம்தான் இருக்கிறது, எனவே மூன்றுமே மெய்யெண்கள். பூஜ்யம் எந்த வட்டிலும் இல்லை, எனவே அணிக்கு நேர்மாறு உண்டு. இத்தனையும் கூட்டலிலிருந்து கிடைத்தது!

படி 4: வட்டைச் சுருக்குவது

A-க்கும் அதன் நிரல்-நிரை மாற்று அணிக்கும் ஒரே ஐகன் மதிப்புகள். அதனால் நிரல் வாரியாகவும் கூட்டிப் பார்க்கலாம். முதல் நிரலில் 0.5 + 0.2 = 0.7. அந்த வட்டும் மற்ற நிரல் வட்டுகளைத் தொடவில்லை, ஆகவே பெரிய ஐகன் மதிப்பு 9.3-க்கும் 10.7-க்கும் நடுவில். செலவில்லாமல் கிடைப்பதை விடுவானேன்.

இன்னும் நெருங்க வேண்டுமானால் அளவு மாற்றம். ஒரு மிகை எண் d எடுங்கள். முதல் நிரையின் மற்ற உறுப்புகளை d-ஆல் வகுங்கள், முதல் நிரலின் மற்ற உறுப்புகளை d-ஆல் பெருக்குங்கள், மூலைவிட்டத்தைத் தொடாதீர்கள். மூலைவிட்டத்தில் d, 1, 1 உள்ள மூலைவிட்ட அணியை D என்றால் இது D⁻¹AD, ஐகன் மதிப்புகள் மாறாது.

d = 9 என்றால் முதல் ஆரம் 2/9, சுமார் 0.22. இரண்டாவது ஆரம் 4.5 + 1 = 5.5 ஆகப் பெருத்து 9.5 வரை நீள்கிறது. முதல் வட்டு 9.78-இல்தான் தொடங்குகிறது, மூன்றாவது 0.1-ஐத் தாண்டவில்லை. எனவே ஐகன் மதிப்பு 9.77-க்கும் 10.23-க்கும் இடையில். உண்மையான மதிப்பு சுமார் 10.07.

ஆசைப்பட்டு d = 10 வைத்தால்? முதல் ஆரம் 0.2 ஆகக் குறையும், ஆனால் இரண்டாவது வட்டு 10 வரை வந்து அதன்மேல் ஏறிவிடும். அப்போது முதல் வட்டுக்குள் ஒன்று இருக்கிறது என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது. ஒவ்வொரு முறை d மாற்றும்போதும் எல்லா வட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை

மூலைவிட்டத்தில் 2, அதன் இருபுறமும் -1 உள்ள 3×3 அணிக்கு இந்த முறை கைவிரிக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். எல்லா மையமும் 2, ஆரங்கள் 1, 2, 1. கிடைப்பது 0 முதல் 4 வரை, பூஜ்யத்தை விலக்க முடியவில்லை. வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் எண்ணிக்கையும் சொல்ல முடியாது.

இங்கே நடு நிரையில் d = 1.4 போட்டுப் பாருங்கள். நடு ஆரம் 2/1.4, சுமார் 1.43. மற்ற இரண்டும் 1.4. இப்போது எல்லை 0.57 முதல் 3.43 வரை, பூஜ்யம் வெளியே போய்விட்டது. உண்மையான ஐகன் மதிப்புகள் 2 - √2, 2, 2 + √2, அதாவது 0.586, 2, 3.414. d-ஐச் சரியாக √2 என்று வைத்தால் மூன்று ஆரமும் √2 ஆகி, இரு ஓர ஐகன் மதிப்புகளும் வட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிடும்.