டயரின் அங்குலத்துக்கு மில்லிமீட்டர் அளவு பார்ப்பது எப்படி?

சைக்கிள் டயர் 26 அங்குலம் என்றால், 25.4-ஆல் பெருக்கி 660 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டயரின் பக்கவாட்டில் அந்த எண் இருக்காது. அங்குலக் கணக்கு, காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது மட்டுமே.

பக்கவாட்டில் 37-590 என்று இருந்தால், 37 டயரின் அகலம். 590 அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். அகலத்தை இருபுறமும் கூட்டினால் 664 வரும், ஏறக்குறைய 26 அங்குலம். ஆனால் டயர் பொருந்துமா என்பதை முடிவு செய்வது 590தான்.

வீட்டிலிருந்த பழைய சைக்கிளுக்கு 26 × 1 3/8 டயர் வேண்டியிருக்க, நான் 26 × 1.75 வாங்கிவந்துவிட்டேன். முன்னது 37-590, பின்னது 47-559. விட்டத்தில் 31 மி.மீ. குறைவு, எவ்வளவு நெம்பியும் ரிம்மில் ஏறவில்லை. மாறாகப் பெரிய டயரைச் சிறிய ரிம்மில் மாட்டினால் எளிதாக ஏறிவிடும், காற்றடித்ததும் கழன்றுவிடும். அதுதான் ஆபத்து.

பின்னமும் தசமமும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள். 26 × 1.75 என்பது 559. 26 × 1 3/4 என்பதோ 571. பழைய டயரில் எழுத்து அழிந்திருந்தால் ரிம்மில் பொறித்த எண்ணைப் பாருங்கள்.