இரவில் சும்மா கிடக்கும் போனில் சார்ஜ் இறங்குகிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இரவு 10 மணிக்கு 80 சதவீதம், காலை 6 மணிக்கு 56. யாரும் தொடாத ஆண்ட்ராய்டு போனில் எட்டு மணி நேரத்தில் 24 சதவீதம் காலி. மணிக்கு ஒரு சதவீதம் வரை இறங்கினால் கவலைப்பட வேண்டாம். இது மணிக்கு மூன்று. போனுக்குள் ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் முதல் தவறு, ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவது. லொகேஷன், சிங்க், புளூடூத் எல்லாவற்றையும் அணைத்து, நாலு ஆப்பை நீக்கிவிடுவார்கள். சார்ஜ் இறங்குவது நின்றாலும் எது குற்றவாளி என்று தெரியாது. இரவுக்கு ஒரு மாற்றம் போதும்.

முதல் இரவு ஏரோபிளேன் மோட் போடுங்கள். அலாரம் அடிக்கும், ஆனால் அழைப்பும் மெசேஜும் வராது. அவசர அழைப்பு வரக்கூடிய நாளில் இதைச் செய்ய வேண்டாம். காலையில் 3 சதவீதம்தான் குறைந்திருக்கிறது என்றால் சிக்கல் நெட்வொர்க் பக்கம். மறுநாள் அதே மோடில் வைஃபையை மட்டும் போடுங்கள். மறுபடி 20 சதவீதம் போனால், இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் ஓர் ஆப்தான் காரணம். 4 சதவீதமே குறைந்தால் பெரும்பாலும் சிக்னல்தான். டவர் சரியாகக் கிடைக்காத அறையில் போன் கூடுதல் சக்தி செலவழித்து டவரைத் தேடும். போனை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். 5ஜி வந்து வந்து போகிற இடமென்றால் 4ஜிக்கு மாற்றுங்கள்.

ஏரோபிளேன் மோடிலும் அதே வேகத்தில் இறங்கினால் அடுத்தது சேஃப் மோட். அதில் நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் ஓடாது. அதிலும் இறங்கினால் பேட்டரி தேய்மானம் அல்லது வன்பொருள் பக்கம் சந்தேகப்படலாம். ஆனால் சிஸ்டம் அப்டேட் வந்து ஓரிரு நாள்தான் ஆகிறதென்றால் பொறுங்கள். அந்த நேரத்தில் பின்னணி வேலை அதிகம் நடக்கும்.

சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் தள்ளி மூடுவது அடுத்த தவறு. திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் ஆப்களை அடக்கிவைக்க, ஆண்ட்ராய்டு 6 முதலே டோஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. மூடிய ஆப் மறுபடி முதலிலிருந்து எழுந்தால் செலவு கூடும். 'பேட்டரி சேவர்' ஆப்களை நிறுவுவதும் இதே கதைதான்: காவலுக்கு வந்தவரே இரவு முழுக்க விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

எந்த ஆப் எவ்வளவு செலவழித்தது என்று செட்டிங்ஸில் காட்டும் பேட்டரி பட்டியலைத் தவறாக வாசிப்பதும் உண்டு. பல போன்களில் ஓர் ஆப்புக்கு நேரே 30 சதவீதம் என்றிருந்தால், அது செலவான சார்ஜில் 30 சதவீதம். முழு பேட்டரியில் அல்ல. 24 சதவீதம் போன இரவில் அது 7 சதவீதம் அளவே. அந்த எண்ணைவிட 'பின்னணியில் ஓடிய நேரம்' முக்கியம். நீங்கள் திறக்காத ஆப் ஐந்து மணி நேரம் பின்னணியில் ஓடியிருந்தால் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்படுத்தும் தேர்வைப் போடுங்கள். மெசேஜ் ஆப்புக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள், அறிவிப்புகள் தாமதமாகும்.