ஊழியர் அறிவித்தலில் குழு, அணி, செயலணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஓர் அலுவலக அறிவித்தல் மூன்று மொழிகளில் ஒட்டப்படும்போது கடைசியாகத் தயாராவது பெரும்பாலும் தமிழ்ப் பத்திதான். புதிதாக மொழிபெயர்க்க வருபவர்கள் அந்த அவசரத்தில் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுவோம், அவற்றை யாரும் திருத்திவிடலாம். ஆட்களின் கூட்டத்துக்கு வைக்கும் பெயர் பிழைத்தால், அறிவித்தல் சொல்ல வந்த சேதியே மாறிவிடும்.

செயலணியைப் படையாக்குவது

எரிச்சலூட்டும் பிழை இதுதான். களஞ்சியத்தில் இருப்பைச் சரிபார்க்க ஐந்து பேரை நியமிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ என்று இருக்கிறது. தமிழ்ப் பத்தியில் இப்படி வருகிறது:

“களஞ்சியப் பொருட்களைச் சரிபார்க்க விசேட அதிரடிப்படை நியமிக்கப்பட்டுள்ளது.”

இலங்கையில் விசேட அதிரடிப்படை என்றால் பொலிஸின் ஆயுதம் தாங்கிய பிரிவு. தமிழ் வாசகருக்கு அது வெறும் சொல் அல்ல. சோதனைச் சாவடி முதல் சுற்றிவளைப்பு வரை எல்லாம் நினைவுக்கு வரும். களஞ்சியப் பொறுப்பாளர் இதை வாசித்தால், ‘என்ன களவு போச்சு, யாரைப் பிடிக்கப் போறாங்கள்?’ என்றுதான் கேட்பார்.

பிழை எங்கிருந்து வருகிறது? ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்தால் ‘படை’ கிடைக்கும். சிங்களப் பத்தியிலிருந்து மொழிபெயர்ப்பவருக்கும் இதே கண்ணி உண்டு. அங்கே செயலணி ‘காரிய சாதக பலகாய’, அதிரடிப்படை ‘விசேஷ காரிய பலகாய’. இரண்டுக்கும் வால் ஒன்றே. தமிழில் அப்படியில்லை. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென அமைக்கப்பட்டதும், 2021 இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்பதற்கென அமைக்கப்பட்டதும் தமிழில் ஜனாதிபதி செயலணிகள்தான். அவற்றின் வேலை பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சொல் நிலைத்துவிட்டது. அதையே எடுங்கள்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. செயலணி ஒரு வேலைக்காகக் கூடி, அது முடிந்ததும் கலைவது. ஆகவே யார், எதுவரை, யாரிடம் அறிக்கை என்ற மூன்றும் அறிவித்தலில் இருக்க வேண்டும். திருத்திய வடிவம் இது:

“களஞ்சிய இருப்பைச் சரிபார்ப்பதற்கு ஐவர் அடங்கிய செயலணி அமைக்கப்பட்டுள்ளது. இது ஆகஸ்ட் 4 முதல் 29 வரை இயங்கும். பொது முகாமையாளரிடம் அறிக்கையைக் கையளித்ததும் கலைக்கப்படும்.”

‘விசேட’ போனதைக் கவனியுங்கள். ஒரு வேலைக்கென்றே அமைவதுதான் செயலணி. அந்த அடைமொழி பழைய படை நினைவைத் திரும்ப இழுத்து வரும், வேறு பயன் இல்லை.

முடிவுத் திகதி எழுத முடியவில்லையா? அப்படியானால் உங்களிடம் இருப்பது செயலணி அல்ல, நிரந்தரக் குழு. நலன்புரிக் குழு, கொள்வனவுக் குழு போன்றவை அந்த வகை. குழு கூடி ஆராய்ந்து பரிந்துரைக்கும், அல்லது தீர்மானிக்கும். செயலணி இறங்கி வேலையைச் செய்யும்.

ஆணைக்குழு

தேர்தல் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு. சட்ட அதிகாரம் உள்ளவற்றுக்கே அந்தப் பெயர். உங்கள் சிற்றுண்டிச்சாலைக்கு வேண்டாம்.

விசாரணைக் குழு

சாப்பாடு பற்றிய முறைப்பாடுகளைப் பார்க்க மூவரை நியமித்துவிட்டு ‘விசாரணைக் குழு’ என்று போட்டால், ஊழியர்கள் ஒழுக்காற்று விசாரணை என்றே எடுப்பார்கள். சமையற்காரர் தொழிற்சங்கத்தைத் தேடிப் போகக்கூடும். ‘முறைப்பாடுகளை ஆராயும் குழு’ என்றால் பேச்சே எழாது. உண்மையிலேயே ஒழுக்காற்று விசாரணை என்றால் அதை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள்.

குழாமும் அணியும்

அலுவலகக் கிரிக்கெட் போட்டிக்குத் தெரிவான 15 பேர் குழாம். மைதானத்தில் இறங்கும் 11 பேர் அணி. 15 பேரின் பட்டியலுக்கு ‘எமது அணி’ என்று தலைப்பிட்டால், போட்டியன்று வெளியே உட்காரும் நால்வரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் சிறு தொழில்நுட்பப் பிரிவுகளை ‘ஸ்குவாட்’ என்கிறார்கள். அதற்குக் குழாம் பொருந்தாது, அணி போதும்.

குரூ

ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் ஆட்களை ஆங்கிலத்தில் ‘குரூ’ என்பார்கள். இதற்குப் பெரும்பாலும் கூட்டப் பெயரே தேவையில்லை. தமிழில் ஆட்களைச் சொன்னாலே போதும்: துப்புரவுப் பணியாளர்கள், பராமரிப்புப் பணியாளர்கள். ஊழியர் பஸ் என்றால் சாரதியும் நடத்துனரும். ‘பணிக்குழு’ என்று எழுதினால் வேலையாட்களா, ஏதோ ஆய்வுக்கு அமைத்த குழுவா என்று வாசகர் குழம்புவார். விமானத்துக்கு மட்டும் ‘விமானப் பணிக்குழுவினர்’ வழக்கில் இருக்கிறது.

வினைமுற்று

‘குழு தீர்மானித்துள்ளனர்’ பிழை. குழு தீர்மானித்துள்ளது, குழுவினர் தீர்மானித்துள்ளனர்.