லாக் இல்லாத விபிஎன் எதை ஒப்படைக்கும்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபிஎன் சர்வர்களை அமைத்துப் பராமரிப்பதுதான் என் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் அமைப்பைப் பெருமையோடு காட்டும்போது, ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே காரியங்கள் மறுபடி கண்ணில் படுகின்றன. பாஸ்வேர்ட், அப்டேட் போன்ற அரிச்சுவடியை விட்டுவிடுகிறேன். நீதிமன்ற ஆணையோடு ஒருவர் வந்து நின்றால், பயனரைப் பற்றிய பதிவு, அதாவது லாக், வைப்பதில்லை என்று சொல்லும் நிறுவனத்தின் கையில் உண்மையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் பார்ப்போம்.

வருகிற ஆணைகள் பெரும்பாலும் இரண்டு திசைகளில் கேட்கும். ஒன்று, "இந்த ஐபி முகவரியை இந்த நேரத்தில் பயன்படுத்தியவர் யார்?" இன்னொன்று, "இந்த மின்னஞ்சல் உங்கள் வாடிக்கையாளருடையதா? அவர் எங்கிருந்து, எப்போது வந்தார்?" முதல் கேள்விக்குப் பதில் இல்லாதபடி அமைத்துவிட்டு, இரண்டாவதை அப்படியே மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

பார்த்த தளங்கள் மட்டுமே லாக் என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். "யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்று நாங்கள் சேமிப்பதில்லை" என்பார்கள். சரி, நல்லது. ஆனால் புலனாய்வில் அந்தப் பட்டியல் பல நேரங்களில் தேவையே இல்லை. குற்றம் நடந்த தளத்தில் விபிஎன் முகவரி ஏற்கெனவே பதிவாகியிருக்கும். மிச்சமிருப்பது அந்த முகவரிக்குப் பின்னால் இருந்தவரின் சொந்த ஐபி முகவரியும் நேரமும்தான். அந்த இரண்டும் கிடைத்தால் போதும், மீதியை இணைய நிறுவனம் சொல்லிவிடும்.

2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இணையவழித் தொல்லை கொடுத்ததாக ஒருவர் கைதானார். தளங்களைப் பார்ப்பதை லாக் செய்வதில்லை என்று விளம்பரம் செய்த பியூர்விபிஎன், ஒரே வாடிக்கையாளர் இரண்டு முகவரிகளிலிருந்து தங்கள் சேவைக்கு வந்ததை உறுதி செய்தது. ஒன்று அவர் குடியிருந்த வீட்டின் இணைப்பு, மற்றொன்று அவர் வேலை செய்த நிறுவனத்தின் இணைப்பு. அவர் பார்த்த தளங்களின் பட்டியல் எதையும் அதற்காகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எத்தனை கருவிகள் இணையலாம் என்று கட்டுப்படுத்தும் எந்த விபிஎன்னும் ஏதோ ஒரு லாக் வைத்திருக்கத்தான் வேண்டும் என்று அதே நபர் ட்விட்டரில் எழுதியிருந்தார். எஃப்பிஐ அதையும் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்தது.

ஆக, இணைப்புப் பதிவுதான் விஷயம். அது எப்போதும் `/var/log` கோப்புறையில் உட்கார்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். விபிஎன் இணைப்பை உருவாக்கும் மென்பொருளான வயர்கார்டை எடுத்துக்கொள்வோம். அது வழக்கமாக எந்த லாக் கோப்பும் எழுதாது. "அப்போ பிரச்சினையே இல்லையே" என்பார்கள். சர்வரில் `wg show` என்று தட்டிப் பாருங்கள்:

```
peer: <public-key>
  endpoint: 203.0.113.45:51093
  allowed ips: 10.64.0.17/32
  latest handshake: 9 days ago
  transfer: 1.20 GiB received, 8.75 GiB sent
```

இந்த ஆள் ஒன்பது நாளாக இணைப்பிலேயே இல்லை. ஆனாலும் கடைசியாக எந்த வீட்டு முகவரியிலிருந்து வந்தார், எப்போது வந்தார், எவ்வளவு தரவு நகர்ந்தது எல்லாம் கெர்னலின் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. வயர்கார்டில் துண்டிப்பு என்று ஒரு நிகழ்வே கிடையாது. அதனால் இந்த வரியை எப்போது அழிப்பது என்று அதற்குத் தெரியாது. சர்வரை மறுதொடக்கம் செய்யும்வரை அல்லது அந்தப் பயனரை அடையாளம் காட்டும் சாவியை நீக்கும்வரை அது இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் நுழைய ஆணை இருந்தால் இது ஒப்படைக்கக்கூடிய பொருள்தான்.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. வயர்கார்டில் தரவு நகரும்போது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிய கைகுலுக்கல், அதாவது இரு முனைகளும் இணைப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் பரிமாற்றம், நடக்கும். 180 விநாடிகளைத் தாண்டியும் புதியது வரவில்லை என்றால் பழைய இணைப்பு செல்லாது. `wg show wg0 latest-handshakes` ஒவ்வொரு சாவிக்கும் கடைசி நேரத்தைத் தரும். அந்த எல்லையைத் தாண்டிய சாவியை நீக்கி, உள் முகவரியோடு மட்டும் திரும்பச் சேர்த்தால் `endpoint` வரி காணாமல் போகும். பயனர் மறுபடி வரும்போது வழக்கம்போல இணைவார், அவருக்கு எதுவும் தெரியாது. சுவீடனின் முல்வாட் விபிஎன் நிறுவனம் இந்த வழியைத்தான் கையாள்கிறது.

இங்கேதான் அடுத்த அபத்தம் நடக்கும். புதிதாகச் சேவை தொடங்கிய ஒருவர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு என்னிடம் காட்டினார். ஆனால் பக்கத்துத் திரையில் கண்காணிப்பு வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கோடு, கோட்டின் பெயரில் பயனரின் வெளி ஐபி முகவரி! வயர்கார்டிலிருந்து எண்களைத் திரட்டும் சிறு நிரலில் அந்த வசதி இயக்கப்பட்டிருந்தது. எண்கள் எல்லாம் ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்புத் தரவுத்தளத்தில் போய்ச் சேர்ந்தன. நாம் எதுவும் மாற்றாவிட்டால் அது 15 நாட்கள் வைத்துக்கொள்ளும். "அது லாக் இல்லைங்க, மெட்ரிக்ஸ்" என்றார். கேட்டு வருகிறவருக்கு அந்த வேறுபாடு எதற்கு? பதினைந்து நாளுக்கு யார், எங்கிருந்து, எந்த நிமிடத்தில் வந்தார்கள் என்பது அழகான வரைபடமாகவே இருக்கிறது. சாவியை நீக்கும் அவருடைய சிறு நிரலும், எந்தச் சாவியை எப்போது நீக்கியது என்று `journalctl`-இல் வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு ஆணையை முழுதாக நடத்திப் பார்ப்போம். 198.51.100.7 என்ற வெளியேறும் முகவரி, குறிப்பிட்ட நாள், 14:32 மணி, யார்? முகவரியிலிருந்து எந்த சர்வர் என்பது உடனே தெரியும், அதை மறைக்க முடியாது. அந்த முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிரிக்க வேண்டுமானால், எந்தப் போர்ட் எந்த உள் முகவரிக்குச் சொந்தமாக இருந்தது என்ற முகவரி மாற்றும் அட்டவணை வேண்டும். லினக்ஸில் அது `conntrack`. முறையாக முடிந்த இணைப்பு அதிலிருந்து சில நிமிடங்களில் போய்விடும். முறையாக மூடப்படாத டிசிபி இணைப்போ, யாரும் மாற்றாவிட்டால் 432000 விநாடிகள், அதாவது ஐந்து நாட்கள் உட்கார்ந்திருக்கும். அந்த `nf_conntrack_tcp_timeout_established` மதிப்பை ஒரு மணி நேரமாகக் குறைத்திருந்தால், அடுத்த வாரம் வருகிற ஆணைக்கு இந்தக் கண்ணி அறுந்திருக்கும். உள் முகவரி தெரியாமல் சாவி தெரியாது, சாவி தெரியாமல் கணக்கு தெரியாது.

பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் என்ற விபிஎன் நிறுவனத்தால் 2016-இல் இப்படித்தான் பதில் சொல்ல முடிந்தது. வெடிகுண்டு மிரட்டல் வழக்கில் எஃப்பிஐ சம்மன் அனுப்பியபோது, அந்த முகவரிகள் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் பயன்படுத்தப்பட்டவை என்பதற்கு மேல் அவர்களால் எதையும் கொடுக்க முடியவில்லை.

கணக்கு அட்டவணையை மறப்பது

மேலே அறுத்த சங்கிலியை மறுமுனையிலிருந்து பிடிக்கலாம். மின்னஞ்சலும் அட்டைப் பரிவர்த்தனை எண்ணும் கணக்கில் இருந்தால், அதிலிருந்து சாவி, சாவியிலிருந்து நிலையான உள் முகவரி, அதிலிருந்து ஓடும் சர்வரில் அந்த ஆளின் இன்றைய இருப்பிடம். தரவுத்தளத்தில் `last_login_ip` என்று ஒரு நெடுவரிசை, கட்டமைப்பு நூலகம் தானாகவே சேர்த்ததாக, யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

முல்வாட்டில் கணக்கு என்பது 16 இலக்க எண் மட்டுமே. மின்னஞ்சல் கேட்பதில்லை. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குக் கட்டண விவரத்தைக் கணக்கோடு சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதற்காகவே 2022-இல் புதிய சந்தாக்களை நிறுத்தினார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை தேடுதல் ஆணையோடு அவர்களின் கோதன்பர்க் அலுவலகத்துக்கு வந்தது. கேட்கும் தரவு இங்கே இருக்க வாய்ப்பே இல்லை என்று விளக்கிய பிறகு, எதையும் எடுக்காமல் திரும்பியது.

கருவிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்கும் இணைப்பு நேரத்தை எழுதி வைக்க வேண்டியதில்லை. ஒரு கணக்குக்கு ஐந்து சாவிகள்தான் என்று வைத்தால் முடிந்தது. ஆனாலும் கட்டணம் வாங்கிய நிறுவனத்திடம் தனிப் பதிவு இருக்கும். ஒருவர் வாடிக்கையாளர் என்பது அங்கிருந்து வெளிவரும், என்ன செய்தார் என்பது வராது.

ராமில் ஓடினால் போதும் என்பது

மின்சாரம் போனால் அழியும், அவ்வளவுதான். ஓடும்போது உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். வட்டில் சாவியை விட்டு வைப்பது அதைவிட மோசம்: 2021-இல் உக்ரைனில் பறிமுதலான விண்ட்ஸ்கிரைப் விபிஎன் சர்வர்களில் ஓபன்விபிஎன் தனிச்சாவி மறைகுறியாக்கம் இல்லாமல் இருந்தது.

நாட்டின் பெயரைப் பார்த்து நிம்மதி அடைவது

இல்லாததை எந்த நாட்டு நீதிமன்றமும் வாங்க முடியாது, இருப்பதை எல்லா நாட்டிலும் வாங்க வழி இருக்கிறது.

நேற்றையும் நாளையையும் குழப்புவது

"எங்களிடம் எதுவும் இல்லை" என்பது நேற்றைப் பற்றிய பதில். "இன்று முதல் இந்தக் கணக்கைப் பதிவு செய்" என்ற ஆணை வேறு வகை. 2021-இல் புரோட்டான் மின்னஞ்சல் சேவைக்கு அப்படி ஒன்று வந்தது. வழக்கமாக ஐபி முகவரியைச் சேமிக்காத அந்த நிறுவனம், சுவிஸ் சட்டப்படியான ஆணைக்குப் பிறகு ஒரு பிரெஞ்சு ஆர்வலரின் கணக்குக்கு மட்டும் சேமித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது மின்னஞ்சல், விபிஎன்னுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொன்னதும் பல நிறுவனங்கள் அங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

நாளைய ஆணையை வடிவமைப்பால் முழுதாகத் தடுக்க முடியாது. குறிவைக்க ஒரு பெயர் கிடைக்காதபடி கணக்கை அமைப்பது கொஞ்சம் உதவும். நுழையும் சர்வரை ஒரு நிறுவனமும் வெளியேறும் சர்வரை இன்னொன்றும் நடத்தினால் ஒரே ஆணையில் இரண்டு பாதியும் சிக்காது; ஆப்பிளின் பிரைவேட் ரிலே இந்த முறையில்தான் இயங்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சர்வர்கள் வழியாகப் போவதை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். அந்த இரண்டுக்கும் சாவி ஒரே கையில்.

உதவிக் கோரிக்கைகள்

இணைப்பு வரவில்லை என்று எழுதும் பயனர், செயலி உருவாக்கிய விவரக் கோப்பை முழுதாக இணைத்து அனுப்புவார். அதில் அவருடைய ஐபி முகவரி, சாவி, நேரம், சர்வர் பெயர் எல்லாம் இருக்கும், மேலே அவருடைய சொந்த மின்னஞ்சல். அந்தக் கோரிக்கை மூன்று வருடம் கழித்தும் வேறொரு நிறுவனத்தின் உதவி மென்பொருளில் தேடினால் கிடைக்கும். அனுப்பும் முன் செயலியே முகவரிகளை அழிக்க வேண்டும், முடிந்த கோரிக்கை சில வாரங்களில் தானாக நீங்க வேண்டும். பயனர்களிடம் "இதை மறைத்து அனுப்புங்கள்" என்று சொல்லிப் பயனில்லை, யாரும் செய்வதில்லை.