சிங்கப்பூரில் வாடகை வீடு: ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாச்சா?

சாவி கைக்கு வந்த அன்று ஏசி ஓடுகிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்போம். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, அது போதும் என்று பையில் வைத்துக்கொள்வோம். இங்கே அது போதாது. முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை வழக்கில் ஆதாரமாக ஏற்கக்கூடாது என்று சிங்கப்பூரின் முத்திரைத் தீர்வைச் சட்டமே சொல்கிறது.

தீர்வை கட்டவில்லை என்பதால் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. நீங்களும் வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். ஆனால் சண்டை வரும்போது அந்தத் தாளை எடுத்து நீட்ட முடியாது. அரசு இந்தத் தீர்வையை வசூலிக்கக் கண்டுபிடித்த வழி அது: வரியைக் கட்டு, அப்புறம் தாளைக் காட்டு.

இதன் வலி எப்போது தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. மாத வாடகை 2,500 வெள்ளி, இரண்டு வருட ஒப்பந்தம். மொத்த வாடகை 60,000 வெள்ளி. நான்கு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்குத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 240 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முகவர் "நான் பார்த்துக்கிறேன்" என்கிறார், நீங்களும் மறந்துவிடுகிறீர்கள். இரண்டு வருடம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது, சுவரில் கறை என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணத்தில் 1,800 வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறார். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பல்ல என்று உங்கள் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சரி, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் (இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை விவகாரங்களை அங்கே கொண்டுபோகலாம்) என்று கோப்பைத் திறந்தால், தீர்வை கட்டியதற்கான முத்திரைச் சான்றிதழ் இல்லை.

இப்போதும் வழி இருக்கிறது. தாமதமாகக் கட்டினாலும் ஒப்பந்தம் ஆதாரமாகிவிடும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் தீர்வையைப் போல நான்கு மடங்கு வரை போகும். 240 வெள்ளித் தீர்வையோடு 960 வெள்ளி அபராதம், ஆக 1,200 வெள்ளி. 1,800 வெள்ளியைக் கேட்பதற்கு 1,200 வெள்ளி செலவு! பலர் இந்த இடத்தில்தான் வழக்கே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது, முதல் வாரத்திலேயே பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் தீர்வையைக் கட்டுவது வாடகைக்காரரின் பொறுப்பு. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையதளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக நுழைந்து நீங்களே கட்டலாம். மின்னிலக்கக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கும் தீர்வை உண்டு. வீட்டுச் சாமான்களுக்கும் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் கொடுப்பதாக எழுதியிருந்தால் அதையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். முகவர் கட்டினால், ரசீது மட்டும் போதாது, முத்திரைச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். முகவரி, வாடகை, தேதி மூன்றும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சான்றிதழ் உண்மையானதா என்று அதே இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது என்றதும் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகமும், பதிவைத் தவிர்க்க எழுதும் 11 மாத ஒப்பந்தமும் நினைவுக்கு வரும். இங்கே நில உடைமைப் பதிவேட்டில் ஏற்றுவது ஏழு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான், உங்களுக்கு அது தேவைப்படாது. காலத்தைக் குறைத்துத் தீர்வையிலிருந்து தப்பிக்கவும் முடியாது.

முத்திரைச் சான்றிதழ் சொல்லாத ஒன்றும் உண்டு. தீர்வை கட்டப்பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. கையெழுத்திட்டவர்தான் வீட்டின் உரிமையாளர் என்பதற்கோ, அவருக்கு வாடகைக்கு விட அனுமதி இருக்கிறது என்பதற்கோ அது சாட்சியல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை, அதாவது வீவக வீட்டை, வாடகைக்கு விட உரிமையாளர் முன்கூட்டியே கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த அனுமதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "இன்னும் ஒரு வருஷம் இருந்துக்குங்க, வாடகை 2,700" என்று வீட்டுக்காரர் சொல்ல, ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். பழைய சான்றிதழ் அந்தப் புது வருடத்தைத் தாங்காது. 32,400 வெள்ளிக்கு 0.4 விழுக்காடு, 129 வெள்ளி சொச்சம். அதற்கும் கையெழுத்திட்ட நாளிலிருந்து அதே 14 நாள்தான்.